பிளக் பொருந்துகிறது, துருவம் பொருந்துகிறதா? ஜே.எஸ்.டி. பேட்டரி இணைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளக் ஒரே ஒரு விதமாகத்தான் சாக்கெட்டில் நுழைகிறது. பிறகு எப்படி பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும்?

பிளக்கின் ஒரு பக்கத்தில் இருக்கும் சிறு மேடுகள் செய்வது ஒரே ஒரு வேலைதான். முதல் முள் முதல் துளையிலும் இரண்டாவது முள் இரண்டாவது துளையிலும் போய்ச் சேருவதை அவை உறுதி செய்கின்றன. அந்த முதல் முள் பிளஸ்ஸா மைனஸா என்பதைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. ஜே.எஸ்.டி. என்பது ஜப்பானைச் சேர்ந்த இணைப்பான் தயாரிப்பாளர். அவர்கள் பிளாஸ்டிக் கூட்டையும் உலோக முனையையும் வடிவமைத்து, முட்களுக்கு எண் கொடுத்தார்கள். அதில் பேட்டரி வருமா, விசிறி வருமா, சென்சார் வருமா என்பது வாங்குபவர் பாடு. பேட்டரி வந்தால் பிளஸ் எந்தப் பக்கம் என்று அவர்கள் விதி எதுவும் எழுதவில்லை.

அதனால் போர்டு தயாரிப்பவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பேட்டரிக்கு வயர் பொருத்துபவர் தனக்குப் பழகிய பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஹாபி போர்டுகளுக்குப் பெயர்பெற்ற அடாஃப்ரூட், ஸ்பார்க்ஃபன் ஆகிய இரண்டும், சிறு பேட்டரிகளுக்குப் பரவலாகப் பயன்படும் பி.எச். என்ற ஜே.எஸ்.டி. வகையின் இரண்டு முள் சாக்கெட்டில் ஒரே துருவ வரிசையைப் பின்பற்றுகின்றன. அவர்களுடைய பேட்டரியை அவர்களுடைய போர்டிலேயே செருகும் வரை சிக்கல் வராது. பேட்டரியை ஓர் இடத்திலும் போர்டை வேறோர் இடத்திலும் வாங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பிளக் "கிளிக்" என்று உட்காரும் அந்த நிறைவான ஒலிதான் இதில் பெரிய ஏமாற்று. பொருந்தாத பிளக்காக இருந்தால் நாம் நின்று யோசித்திருப்போம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவான நகல் பிளக்குகளின் பிளாஸ்டிக் மென்மையானது. சற்று அழுத்தினால் தலைகீழாகவும் நுழைந்துவிடும். நுழையத் தயங்கும் பிளக்கை வலிந்து தள்ளாதீர்கள்.

சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு வயர் மைனஸ். அதைப் பார்த்தால் போதாதா?

பேட்டரியிலிருந்தே வரும் வயர்களில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த நிறம் பேட்டரியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. போர்டின் சாக்கெட்டுக்கு நிறம் கிடையாது. சிவப்பு வயர் போய்ச் சேரும் முள் போர்டுக்குப் பிளஸ்ஸா என்பதுதான் கேள்வி, அதை வயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தனியாக விற்கும் வயர் பொருத்திய பிளக்குகளில் நிறத்தையும் நம்ப முடியாது. ஒரே பையில் வந்த இரண்டு பிளக்குகளில் ஒன்றில் சிவப்பு இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நீட்டிப்பு வயர்கள் இன்னும் மோசம். ஆண் முனையும் பெண் முனையும் எதிரெதிராக அமைவதால், நடுவில் சிவப்பும் கறுப்பும் குறுக்கே மாறிவிட்ட வயர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. நீட்டிப்பு வயரைப் பயன்படுத்துவதாக இருந்தால், பேட்டரியின் பிளக்கை அளந்தது செல்லாது. நீட்டிப்பின் மறுமுனையில் மீண்டும் அளக்க வேண்டும்.

என் போர்டில் இருப்பது எந்த வகை ஜே.எஸ்.டி. என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்தடுத்த இரண்டு முட்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 2 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் பி.எச். வகை. ஒற்றை லித்தியம் பேட்டரிக்கான சாக்கெட் என்றாலே ஹாபி உலகில் அநேகமாக இதுதான். தேடும்போது `JST PH 2.0` என்று தட்டச்சு செய்தால் சரியான பொருள் வரும். 2.5 மி.மீ. என்றால் எக்ஸ்.எச். வகையாக இருக்கலாம். பல செல் பேட்டரிகளின் சமன்படுத்தும் வயரில் அது வரும். 1.25 மி.மீ. சாக்கெட்டைச் சில சிறிய போர்டுகளில் காண்கிறோம். கடைகளில் அதையும் ஜே.எஸ்.டி. என்றே எழுதிவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அது மோலெக்ஸ் பிக்கோபிளேடு வகையின் நகல். பெயரை விட்டுவிட்டு அளவைப் பார்த்து வாங்குங்கள்.

"ஜே.எஸ்.டி. பிளக்" என்று மட்டும் சொல்வது "திருகாணி" என்று மட்டும் சொல்வதைப் போன்றது. நான்கு முள் கொண்ட 1 மி.மீ. எஸ்.எச். சாக்கெட்டும் ஜே.எஸ்.டி.தான், ஆனால் ஹாபி போர்டுகளில் அது சென்சார் இணைக்க வந்தது, பேட்டரிக்கு அல்ல.

பி.எச். வகையின் மின்னோட்ட வரம்பு 2 ஆம்பியர். வைஃபை போர்டு, சிறிய திரை, சில சென்சார்கள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். முழு வெளிச்சத்தில் 60 மில்லி ஆம்பியர் எடுக்கும் வண்ண எல்.இ.டி.க்கள் 60 கொண்ட பட்டையை இதன் வழியாக ஓட்டினால் 3.6 ஆம்பியர் ஆகிவிடும், பிளக் சூடாகும். அதற்கு வேறு இணைப்பு வேண்டும்.

பேட்டரியின் பிளக்கில் எது பிளஸ் என்று மல்டிமீட்டரால் எப்படிப் பார்ப்பது?

முதலில் மீட்டரின் வயர்களைப் பாருங்கள். கறுப்பு பொதுத் துளையிலும் சிவப்பு வோல்ட் குறியிட்ட துளையிலும் இருக்க வேண்டும். சிவப்பு வயர் முன்பு ஆம்பியர் அளந்த துளையிலேயே மறந்துபோய்க் கிடந்தால், பேட்டரியைத் தொட்ட நொடியில் மீட்டர் ஒரு ஷார்ட் கம்பியாக மாறிவிடும். பிறகு குமிழியை நேர்மின் வோல்ட் 20 என்ற இடத்தில் வையுங்கள். மீட்டரின் மீதே சந்தேகம் இருந்தால், பிளஸ் குறி அச்சிட்ட சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்து பாருங்கள். சிவப்பு புரோப் பிளஸ்ஸைத் தொடும்போது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரக்கூடாது.

இனி பிளக். பி.எச். பிளக்கின் முன்பக்கத் துளைகள் அரை மில்லிமீட்டர் முள்ளுக்கானவை. மீட்டரின் புரோப் அதில் நுழையாது, நுழைக்கவும் முயலாதீர்கள், உள்ளே இருக்கும் உலோகம் விரிந்து பிடிமானம் தளர்ந்துவிடும். பிளக்கின் ஒரு பக்கத்தில் ஒவ்வொரு வயருக்கும் நேராக ஜன்னல் போல ஒரு சிறு திறப்பு இருக்கும், அதற்குள் உலோகம் மின்னும். கூர்மையான புரோப் முனையால் அந்த உலோகத்தைத் தொட்டால் போதும். இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே 2 மி.மீ.தான் இருப்பதால் கை நழுவினால் இரண்டு புரோப்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும். பிளக்கை ஒரு கிளிப்பில் பிடித்து மேசையில் படுக்க வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு புரோப்பாக வையுங்கள்.

திரையில் 3.82 என்று வந்தால் சிவப்பு புரோப் தொட்டுக்கொண்டிருப்பது பிளஸ். -3.82 என்று வந்தால் அது மைனஸ். ஒற்றை லித்தியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்கு அருகில் என்றால் ஏறக்குறைய காலி. எண் எதுவானாலும், இந்தச் சோதனையில் நமக்கு வேண்டியது முன்னால் உள்ள குறிதான்.

போர்டின் சாக்கெட்டில் எது பிளஸ் என்று எப்படி அறிவது? குறி எதுவும் அச்சிடவில்லையே.

குறி அச்சிட்டிருந்தாலும் நான் அளந்துதான் பார்ப்பேன். பிளஸ் குறி சாக்கெட்டுக்கு அருகில் உள்ள வேறொரு உறுப்புக்கு உரியதாக இருந்ததை ஒருமுறை சாக்கெட்டுக்கு உரியது என்று எண்ணி ஏமாந்தவன் நான்.

யு.எஸ்.பி. வயரையும் கழற்றிவிடுங்கள், பேட்டரியும் இருக்கக்கூடாது. மீட்டரை பீப் ஒலிக்கும் தொடர்ச்சிச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். ஒரு புரோப்பை போர்டின் தரை, அதாவது மைனஸ் பக்கமான `GND` முள்ளில் வைத்து, மற்றொன்றால் சாக்கெட்டின் இரண்டு முட்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். உள்ளே எட்டாவிட்டால் போர்டில் அவற்றின் சோல்டர் முனையைத் தொடலாம். சட்டென்று, நிற்காமல் பீப் ஒலிக்கும் முள்தான் மைனஸ். யு.எஸ்.பி. சாக்கெட்டின் உலோக உறையைத் தரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில போர்டுகளில் அது தரையோடு நேராக இணைந்திருப்பதில்லை.

இரண்டு முட்களிலும் பீப் வராமல் போகலாம். மைனஸ் பாதையில் சுவிட்சோ ஏதாவது பாதுகாப்பு உறுப்போ குறுக்கே நின்றால் அப்படி நடக்கும். அப்போது பிளஸ் பக்கத்தைத் தேடுங்கள். போர்டில் `BAT` அல்லது `VBAT` என்று ஒரு முள் இருந்தால், சாக்கெட்டின் எந்த முள் அதோடு பீப் தருகிறதோ அது பிளஸ். இரண்டு முட்களுமே தரையோடு பீப் தந்தால் அது கவலைக்குரியது. போர்டில் ஏற்கெனவே ஷார்ட் இருக்கிறது, பேட்டரியைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள்.

சார்ஜர் உள்ள போர்டாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். பேட்டரி இல்லாமல் யு.எஸ்.பி.யை மட்டும் இணைத்து, சாக்கெட்டின் இரு முட்களுக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். சார்ஜர் சிப் தனது வெளியீட்டை 4.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும். சில சிப்கள் பேட்டரி இருக்கிறதா என்று விட்டுவிட்டுத் தேடுவதால் எண் ஆடும், ஆனால் குறி மாறாது. பீப் சோதனை சொன்னதும் இந்தக் குறி சொல்வதும் ஒன்றாக இருந்தால் சாக்கெட்டைப் பற்றி இனிச் சந்தேகம் வேண்டாம்.

இரண்டையும் அளந்துவிட்டேன். ஆனால் இடமும் வலமும் குழம்புகிறது. எப்படி ஒப்பிடுவது?

அளவை சரியாக எடுத்தவர்கள் தவறும் இடம் இதுதான். சாக்கெட்டின் வாயை நேராகப் பார்த்து "இடது மைனஸ்" என்று மனத்தில் குறித்துக்கொள்கிறோம். பிறகு பிளக்கைக் கையில் எடுத்து, அதன் துளைகள் நம் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி "இடது மைனஸ், சரி" என்கிறோம். திருப்பிய கணத்திலேயே இடமும் வலமும் மாறிவிட்டன. எதிரே நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கமாகத் தெரிவதைப் போலத்தான்.

அதனால் அளப்பதற்கு முன்பே மையால் குறி வைத்துவிடுங்கள். அண்மையில் செய்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். சார்ஜர் உள்ள வைஃபை போர்டு ஒன்று, வேறு இடத்தில் வாங்கிய 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று. போர்டை மேசையில் வைத்து, சாக்கெட்டின் வாய் என்னை நோக்கியிருக்கும்படி திருப்பினேன். பிளக்கைச் செருகப் போவதைப் போலவே எடுத்து, மேடுகளைச் சாக்கெட்டின் பள்ளங்களுக்கு நேராக வைத்து, ஒரு விரல் அகலம் தள்ளி நிறுத்தினேன். உள்ளே விடவில்லை. அந்த நிலையில் பிளக்கின் இடப்பக்கத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி, போர்டில் சாக்கெட்டின் இடப்பக்கத்திலும் ஒரு புள்ளி. இனி இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், புள்ளி புள்ளியோடுதான் சேரும்.

பீப் சோதனையில் போர்டின் புள்ளிப் பக்க முள் `GND` முள்ளோடு ஒலித்தது, ஆகவே போர்டுக்குப் புள்ளி மைனஸ். யு.எஸ்.பி. கொடுத்து, சிவப்பு புரோப்பைப் புள்ளி இல்லாத முள்ளில் வைத்து அளந்தபோது 4.19 வந்தது, கழித்தல் குறி இல்லை. இரண்டும் ஒத்துப்போயின. யு.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டுப் பிளக்கை எடுத்தேன். சிவப்பு புரோப்பை மீண்டும் புள்ளி இல்லாத பக்கத்து ஜன்னலில் வைத்தேன். திரையில் -3.85. அதாவது பேட்டரியின் பிளஸ், போர்டின் மைனஸ் முள்ளில் போய் உட்காரத் தயாராக இருந்தது. பிளக்கோ கச்சிதமாகப் பொருந்தக்கூடியது. சிவப்பு புரோப்பை இரண்டு முறையும் ஒரே பக்கத்தில் வைத்ததால் கணக்கு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு எண்களின் குறிகளும் ஒன்றாக இருந்தால் செருகலாம், வேறாக இருந்தால் செருகக்கூடாது.

துருவம் மாறியிருக்கிறது. வயர்களை எப்படி இடம் மாற்றுவது?

வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. பிளக்கின் ஜன்னலில் தெரியும் உலோகத்தில் ஒரு சிறு நாக்கு தூக்கி நிற்கும், வயர் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். தையல் ஊசியின் முனையால் அந்த நாக்கை மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டு வயரைப் பின்பக்கமாக இழுத்தால் முனை வெளியே வந்துவிடும். வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். வயரை முதலில் சற்று முன்னே தள்ளி, நாக்கின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். சில நகல்களில் நாக்கு உலோகத்தில் இல்லாமல் பிளாஸ்டிக்கில் இருக்கும். அதை அழுத்தாமல் ஊசியால் லேசாக நெம்பித் தூக்க வேண்டும்.

முதல் வயர் வெளியே வந்தவுடன் அதன் முனையில் மின்காப்பு நாடாவைச் சுற்றிவிடுங்கள். அதன்பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். இரண்டு வெற்று முனைகளும் ஒரே நேரத்தில் வெளியே தொங்கினால் அவை எப்படியாவது ஒன்றையொன்று தேடிப்போய்த் தொட்டுக்கொள்ளும். இரண்டாவது வயரை எடுத்து முதலாவது இருந்த துளையில் செருகுங்கள். செருகுவதற்கு முன் உள்ளழுங்கிய நாக்கை ஊசியால் சற்று நிமிர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. பிறகு நாடாவை அவிழ்த்து முதல் வயரை மறு துளையில் விடுங்கள். இரண்டும் சிறு ஒலியோடு பிடித்துக்கொள்ளும், மெல்ல இழுத்தால் வரக்கூடாது. மீண்டும் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் போர்டில் செருக வேண்டும்.

பேட்டரியை மாற்றுவதா, போர்டின் சாக்கெட்டைக் கழற்றித் திருப்புவதா என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. போர்டைத் திருப்பினால் அதில் அச்சிட்ட குறியும் வரைபடமும் பொய்யாகிவிடும். எந்தப் பேட்டரியையும் கத்தரிக்கோலால் இரண்டு வயர்களையும் சேர்த்து வெட்டாதீர்கள். கத்தரிக்கோலின் அலகு உலோகம், வெட்டும் அந்தக் கணத்தில் அதுவே ஷார்ட்.

தலைகீழாகச் செருகினால் காப்பாற்றும் டயோடு ஒன்றைப் போர்டிலேயே வைத்திருக்கலாமே? ஏன் வைப்பதில்லை?

சார்ஜர் இல்லாத போர்டில் வைக்கிறார்கள், அங்கே அது எளிது. சார்ஜர் உள்ள போர்டில் ஒரே வயர் வழியாக மின்னோட்டம் இரண்டு திசையிலும் போக வேண்டும். பயன்படுத்தும்போது பேட்டரியிலிருந்து போர்டுக்கு, சார்ஜ் ஆகும்போது போர்டிலிருந்து பேட்டரிக்கு. டயோடு ஒரு திசைக்கு மட்டுமே வழிவிடும், ஆகவே சார்ஜ் ஏறாது.

டயோடுக்குப் பதிலாக, மின்சுவிட்ச் போல வேலை செய்யும் பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றைப் பிளஸ் வயரில் வைத்து, கேட் எனப்படும் அதன் கட்டுப்பாட்டு முனையைத் தரையோடு இணைக்கும் முறை பரவலானது. பேட்டரி சரியாக இருந்தால் கேட் தாழ்ந்து நிற்பதால் அது திறந்து மின்னோட்டத்துக்கு வழிவிடும். தலைகீழாக இருந்தால் திறக்காது. யு.எஸ்.பி. இணைக்காத வரை இது அழகாக வேலை செய்கிறது. ஆனால் யு.எஸ்.பி. இணைந்திருக்கும்போது சார்ஜர் போர்டு பக்கத்தை 4 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். கேட் தரையில் இருப்பதால் மாஸ்ஃபெட் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரியைத் தலைகீழாகச் செருகினால் மாஸ்ஃபெட் முழுதாக மூடாது. அரைத் திறப்பில் நின்று, சார்ஜர் தரும் மின்னோட்டம் முழுவதையும் தன் மேல் சுமந்து சூடாகும். கடுகளவு உறுப்பு அது, நெடுநேரம் தாங்காது.

முழுமையாகப் பாதுகாக்க இன்னும் சில உறுப்புகளும் இடமும் வேண்டும். சிறிய போர்டுகளில் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். உங்கள் போர்டில் தலைகீழ்ப் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருந்தாலும் யு.எஸ்.பி. இணைத்த நிலையில் புதிய பேட்டரியைச் செருகாதீர்கள்.

என் பேட்டரியின் தலைப்பகுதியில் மஞ்சள் நாடாவுக்குக் கீழே ஒரு பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறது. அது காப்பாற்றாதா?

அது காப்பது பேட்டரியை, உங்கள் போர்டை அல்ல. அளவுக்கு மீறிய சார்ஜ், அளவுக்கு மீறிய வடிப்பு, ஷார்ட் ஆகிய மூன்றும் அதன் கவலை. பிளக்கில் வயர்கள் இடம் மாறியிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது.

தலைகீழாகச் செருகும்போது போர்டுக்குள் நடப்பது இது. ஏறக்குறைய எல்லாச் சிப்பிலும் தரையிலிருந்து மின்வழங்கல் முனையை நோக்கிய டயோடு பாதை ஒன்று மறைந்திருக்கிறது. சரியான துருவத்தில் அது மூடியிருக்கும். துருவம் மாறியதும் திறந்து, பேட்டரியின் இரு முனைகளையும் ஏறக்குறைய நேராகச் சேர்த்துவிடும். முதலில் அடி வாங்குவது பேட்டரிக்குப் பக்கத்திலேயே நிற்கும் சார்ஜர் சிப். மின்னோட்டம் சில ஆம்பியரைத் தொட்டால் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்துவிடும். அந்த வகையில் தீயையும் புகையையும் அது குறைக்கக்கூடும். ஆனால் ஓர் ஆம்பியரில் நின்றுவிட்டால் அது பேசாமல் இருக்கும், சிப் நிதானமாக வெந்துகொண்டிருக்கும். டான்டலம் மின்தேக்கி உள்ள போர்டு என்றால் அதுவும் ஷார்ட்டாகித் தீப்பொறியோடு எரியக்கூடும்.

ஒவ்வொரு முறையும் மீட்டர் எடுக்க முடியவில்லை. எளிய வழி உண்டா?

ஒரு சோதனைக் கருவி செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்டில் இருக்கும் அதே வகை வெற்று சாக்கெட் ஒன்று, பச்சை எல்.இ.டி. ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 330 ஓம் மின்தடை ஒன்று. இரண்டு எல்.இ.டி.க்களையும் எதிரெதிர்த் திசையில் பக்கவாட்டில் சேர்த்து, மின்தடை வழியாகச் சாக்கெட்டில் இணைக்க வேண்டும். பேட்டரியைச் செருகினால் துருவத்துக்கு ஏற்ப ஒன்று மட்டும் எரியும். எரியும் எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் இவ்வளவுதான்:

```
(3.7 - 2.0) / 330 = 0.005 A
```

5 மில்லி ஆம்பியர், யாருக்கும் தீங்கில்லை. உங்கள் போர்டுக்குச் சரியான துருவத்தில் பச்சை எரியும்படி அமைத்துவிட்டு, ஒரே ஒரு முறை மீட்டரால் உறுதிசெய்து, எந்தப் போர்டுக்கானது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். துருவ வரிசை வேறான இன்னொரு போர்டு உங்களிடம் இருந்தால் இந்தக் கருவியின் பச்சை அங்கே பொய் சொல்லும்.

தலைகீழாகச் செருகிவிட்டேன். ஐந்து விநாடியில் எடுத்துவிட்டேன். போர்டு போய்விட்டதா?

யு.எஸ்.பி.யில் ஓடுகிறது என்பதை வைத்துத் தப்பித்தது என்று முடிவு செய்யாதீர்கள். எனக்கு நேர்ந்ததும் இதுவே. பிளக் உட்கார்ந்தது, எல்.இ.டி. எரியவில்லை, பிளாஸ்டிக் கருகும் வாடை. போர்டைத் தொட்டபோது அரிசி அளவுள்ள சார்ஜர் சிப் விரலைச் சுட்டது. பிடுங்கிவிட்டு யு.எஸ்.பி.யை இணைத்தேன், நிரல் வழக்கம்போல ஓடியது. நிம்மதியாகி, துருவத்தைச் சரிசெய்து பேட்டரியை மீண்டும் செருகப் போனேன். நல்ல வேளையாக அதற்கு முன் அளந்தேன்.

அளக்க வேண்டியவை இரண்டு. மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில் சாக்கெட்டின் இரு முட்களுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். சில ஓம்களே காட்டினால் உள்ளே ஷார்ட். ஆயிரக்கணக்கில் காட்டினாலோ எண் மெல்ல ஏறிக்கொண்டே போனாலோ இந்தச் சோதனை வரை பரவாயில்லை. அடுத்து, பேட்டரி இல்லாமல் யு.எஸ்.பி.யை இணைத்து அதே முட்களில் வோல்ட் பாருங்கள். 4.2 பக்கம் வந்தால் நல்லது. பூஜ்யம் என்றால் சார்ஜர் செத்துவிட்டது, பேட்டரி இல்லாமல் யு.எஸ்.பி.யில் மட்டும் போர்டைப் பயன்படுத்தலாம். என் போர்டில் வந்தது 4.97. சார்ஜர் சிப் உள்ளுக்குள் ஒட்டிப்போய், யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை அப்படியே பேட்டரி முள்ளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய லித்தியம் செல்லுக்கு அதைக் கொடுத்தால் தடுக்க மிஞ்சுவது பேட்டரியின் சொந்தப் பாதுகாப்புச் சர்க்யூட் ஒன்றுதான். அதுவும் இல்லாத பேட்டரி என்றால் வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். அந்தச் சிப்பை எடுத்துவிட்டு வேறு பொருத்திய பிறகே அந்தச் சாக்கெட்டில் மறுபடி பேட்டரி ஏறியது.

பேட்டரியையும் பாருங்கள். பூஜ்ய வோல்ட் காட்டினால் அதன் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்திருக்கலாம். எல்லாவற்றிலிருந்தும் கழற்றிச் சற்று நேரம் விட்டாலோ, சரியான துருவத்தில் நல்ல சார்ஜரில் இணைத்தாலோ பெரும்பாலும் மீண்டுவிடும். உப்பியிருந்தால், இனிப்பான ரசாயன வாடை வந்தால், அல்லது கழற்றிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் அதை மீட்க முயல வேண்டாம். எரியாத தளத்தில், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பிளக் இறுக்கமாக இருக்கிறது. வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றலாமா?

கூடாது. பி.எச். பிளக்கில் பூட்டு கிடையாது, உராய்வுதான் பிடித்துக்கொள்கிறது, அதுவும் புதிதில் மிக இறுக்கமாக. வயரை இழுத்தால் உள்ளே இருக்கும் முனை நழுவி வெளியே வரும், அல்லது சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்து வரும். பிளக்கின் இரு பக்கங்களையும் நகத்தாலோ மெல்லிய மூக்குள்ள குறடாலோ பிடித்து, இடமும் வலமுமாகச் சற்று அசைத்தபடி வெளியே எடுங்கள். குறடு உலோகமாக இருந்தால் பிளாஸ்டிக்கை மட்டும் பிடிக்க வேண்டும், ஜன்னல்களின் மேல் பட்டுவிடக்கூடாது. அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தால் பிளக்கை விட்டுவிட்டுப் பேட்டரி வயரின் நடுவே ஒரு சிறு சுவிட்ச் வைத்துவிடுவது நல்லது. சுவிட்ச் வைக்க வயரை வெட்டும்போது பிளஸ் வயரை மட்டும் வெட்டுங்கள்.